கேட்ட வரிசையில்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்ப்பவரின் காலை நேரம் பெரும்பாலும் பதில் எழுதுவதிலேயே கழிகிறது. சாயப்பட்டறைக்கு ஃபோன் போடுவதும், கட்டிங் மேசைப் பக்கம் போய் நிற்பதும் அதற்குப் பிறகுதான். பழைய பையருக்கு எழுதுவதில் சிரமம் இல்லை. நம்முடைய குறை நிறை அவருக்குத் தெரியும், அவருடையது நமக்குத் தெரியும். இன்னும் ஆர்டர் தராத ஒருவர், நாம் அனுப்பிய அறிமுகக் கடிதத்துக்குப் பதிலாக, ஒரே பத்தியில் ஐந்து விஷயம் கேட்டு எழுதியிருப்பார். அதற்குப் பதில் எழுதுவதுதான் கடினம். அப்படிப்பட்ட ஒரு கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அதற்கு எப்படி எழுதலாம் என்று யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

கடிதம் ஆகஸ்ட் மாதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நான்கு துணிக்கடைகள் வைத்திருக்கும் சிறிய பிராண்டுக்காரர். நம் கேட்லாக்கில் இருக்கும் 180 ஜி.எஸ்.எம். ஆர்கானிக் பருத்தி டி-ஷர்ட் அவருக்குப் பிடித்திருக்கிறது. அவர் எழுதுவது ஏறத்தாழ இப்படி இருக்கும்: ‘நேவி, ஆலிவ் இரண்டு நிறங்களில் தொடங்க நினைக்கிறோம். ஒரு நிறத்துக்குக் குறைந்தது எத்தனை பீஸ், 300 போதுமா? விலை என்ன, 1,000 எடுத்தால் எவ்வளவு குறையும்? உங்களிடம் காட்ஸ் சான்று இருக்கிறதா, எங்கள் லேபிளில் அந்த முத்திரையைப் போடலாமா? மார்ச் தொடக்கத்தில் சரக்கு கடையில் இருக்க வேண்டும். சரக்கு வந்து 60 நாளில் பணம் தருவது எங்கள் வழக்கம்.’

இதில் கேள்விக்குறி மூன்று இடத்தில்தான் இருக்கிறது. கேள்விகள் ஐந்து. மார்ச் மாதத்தைப் பற்றிய வரி ஒரு தகவல் போலத் தெரிந்தாலும், ‘உங்களால் முடியுமா’ என்பதே அதன் பொருள். 60 நாள் என்பதும் அப்படித்தான், ‘இதற்கு ஒத்துக்கொள்வீர்களா’ என்று கேட்கிறார். அவசரமாகப் படிக்கிறவர் கேள்விக்குறி போட்டவற்றுக்கு மட்டும் பதில் எழுதி அனுப்பிவிடுகிறார். பையர் தீர்மானிக்க வேண்டிய இரண்டு பெரிய விஷயங்கள் அப்படியே நின்றுபோகின்றன. ஆகவே முதல் வேலை, ஒரு தாளில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு, அவருடைய சொல்லிலேயே குறித்துக்கொள்வது. மினிமம், விலை, காட்ஸ், மார்ச், 60 நாள். எண்களுக்கு எதிரே பதில் எழுதுவதற்கு முன், அவற்றில் எது இரட்டைக் கேள்வி என்றும் பார்க்க வேண்டும். மூன்றாவது அப்படிப்பட்டது. சான்று இருக்கிறதா என்பது ஒன்று, முத்திரையை லேபிளில் போடலாமா என்பது வேறொன்று.

வரிசையை மாற்றக் கை துடிக்கும். நமக்குச் சாதகமான காட்ஸ் பதிலை முதலில் வைத்து, விலையைக் கடைசிக்குத் தள்ளி, 60 நாள் சங்கதியை நடுவில் எங்காவது புதைக்கத் தோன்றும். செய்யக் கூடாது. அந்தக் கடிதம் அவர் ஒருவருக்கு மட்டும் போவதில்லை. விலை அவருக்கு, சான்று அவருடைய தரப் பிரிவுக்கு, பணம் செலுத்தும் முறை கணக்குப் பார்ப்பவருக்கு என்று உள்ளேயே சுற்றும். இதே ஐந்து கேள்விகளை அவர் இன்னும் மூன்று நான்கு பேரிடம் கேட்டிருப்பார், அதில் ஒருவர் பங்களாதேஷிலோ போர்ச்சுகலிலோ இருக்கலாம். எல்லோருடைய பதில்களையும் ஒரு எக்செல் தாளில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத்தான் பார்ப்பார். வரிசை மாறிய பதிலில் அவர் தேட வேண்டியிருக்கும். தேடிக் கிடைக்காத இடம் அந்தத் தாளில் வெறுமையாக நிற்கும்.

1978-இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் திருப்பூருக்கு வந்து டி-ஷர்ட்டுகள் வாங்கியதைத்தான் ஊரில் இன்றும் ஏற்றுமதியின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அப்படி நேரில் வந்து, மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசுகிற வியாபாரத்தில், விலையிலிருந்து நாள் கணக்குக்கும் அங்கிருந்து மறுபடி விலைக்கும் தாவலாம். முகத்தைப் பார்த்தே எது புரியவில்லை என்று தெரிந்துவிடும். கடிதத்தில் முகம் கிடையாது. கேட்டவர் கேட்ட வரிசை ஒன்றுதான் இருவருக்கும் பொதுவாக மிஞ்சுகிறது.

முதல் கேள்விக்கு வருவோம். 300 போதுமா? இதற்குப் பின்னால் இருப்பது சாயப்பட்டறையின் இயந்திரம். துணிக்கு நிறம் ஏற்றும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்துக்கு இத்தனை கிலோ என்று ஒரு கொள்ளளவு உண்டு. நாம் வழக்கமாக அனுப்பும் இயந்திரம் 150 கிலோ பிடிக்கும் என்று எடுத்துக்கொள்வோம். கழுத்து ரிப், கட்டிங் கழிவு எல்லாம் சேர்த்து ஒரு டி-ஷர்ட்டுக்குச் சுமார் 220 கிராம் துணி போகிறது. அப்படியானால் ஒரு லாட்டில் 680 பீஸ் வரை வரும். சேதாரத்துக்கு இடம் விட்டு 600 என்று சொல்கிறோம். 300 பீஸுக்கு 66 கிலோ துணிதான். அதைச் சின்ன இயந்திரத்தில் போட வேண்டும், ஒரு கிலோவுக்கான சாயக் கூலி ஏறும். இவ்வளவும் உண்மை, இவ்வளவும் நமக்குத் தெரியும். ஆனால் ஹாம்பர்க்காரர் கேட்டது இயந்திரத்தைப் பற்றி இல்லை. அவருக்குப் போக வேண்டியது இரண்டு வரி: ஒரு நிறத்துக்கு 600, சைஸ்களைக் கலந்துகொள்ளலாம். 300-ம் செய்யலாம், விலை மட்டும் மாறும், கீழே கொடுத்திருக்கிறோம். ‘எங்களிடம் குறைந்தபட்ச அளவு நெகிழ்வானது’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வரியை எக்செல் தாளில் எந்தக் கட்டத்தில் போடுவது?

காரணத்தை வீணாக்க வேண்டியதில்லை. 450 வைத்துக்கொள்ளலாமா என்று அவர் அடுத்த கடிதத்தில் பேரம் பேசினால், அப்போது அந்த 150 கிலோக் கணக்கை எடுத்து வைக்கலாம். கேட்பவருக்குக் காரணம் தேவைப்படும் நேரம் அதுதான்.

விலைக்கான பதில் முதல் பதிலோடு பிணைந்தது. இங்கேதான் பலர் கட்டுரை எழுதத் தொடங்குகிறார்கள். விலை அளவைப் பொறுத்தது, நூல் விலையைப் பொறுத்தது, பிரிண்டைப் பொறுத்தது, டாலரைப் பொறுத்தது என்று ஒரு பத்தி ஓடும். அதன் கடைசியில் விலையே இருக்காது. எதைப் பொறுத்தது என்பதை நாமே முடிவுசெய்து, அந்த முடிவை விலையோடு ஒட்டி எழுதிவிட்டால் பத்தி தேவையில்லை. 300-க்கு 4.70 டாலர், 600-க்கு 4.20, 1,000-க்கு 3.95. எல்லாம் தூத்துக்குடி எஃப்.ஓ.பி., பிரிண்ட் இல்லாமல், 15 நாள் வரை செல்லும். இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான், நூல் விலையையும் கூலியையும் பார்த்து ஒவ்வொருவரும் தம் கணக்கைப் போட்டுக்கொள்வார்கள். கவனிக்க வேண்டியது அவை உட்கார்ந்திருக்கும் விதம். எந்தத் துறைமுகம், எது சேரவில்லை, எத்தனை நாள் செல்லும் என்ற மூன்றும் விலையோடு அதே வரியில் இருக்கின்றன. 15 நாள் என்று எழுதாமல் விட்ட விலை, நூல் ஏறிய பிறகும் நம் கையெழுத்தோடு அவரிடம் இருக்கும்.

மூன்றாவது கேள்வியில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். காட்ஸ் என்பது ஆர்கானிக் இழையில் செய்த துணிகளுக்கான உலகத் தரநிலை. பருத்தி ஆர்கானிக் என்பது மட்டும் இதற்குப் போதாது. ஜின்னிங், நூற்பு, நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல் என்று துணி கடந்துபோகும் ஒவ்வொரு கட்டமும் சான்றுக்குள் இருக்க வேண்டும். திருப்பூரில் வேலையின் பெரும்பகுதி ஜாப் ஒர்க்காக வெளியே போகிறது. நம் பெயரில் சான்று இருந்து, சாயத்துக்கு அனுப்பும் பட்டறை சான்றுக்குள் வராமல் போனால், அந்த டி-ஷர்ட் காட்ஸ் டி-ஷர்ட் ஆகாது. நூல் வாங்கிய மில்லின் சான்றைக் காட்டி ‘ஆம், எங்களிடம் காட்ஸ் இருக்கிறது’ என்று எழுதுவது பொய் என்றே சொல்வேன். எழுதுகிறவர் அதைப் பொய் என்று நினைக்காமல் எழுதுகிறார் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

நம்மிடம் எல்லாக் கட்டத்துக்கும் சான்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பதிலின் முதல் சொல் ‘ஆம்’. அதோடு நம் ஸ்கோப் சர்ட்டிஃபிகேட்டை இணைத்து, அது எந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதிவிட வேண்டும். கேள்வியின் இரண்டாம் பாதிக்குத் தனியாக ஒரு வரி வேண்டும். லேபிளில் முத்திரையைப் போடலாம், ஆனால் அச்சடிப்பதற்கு முன் அந்த லேபிளின் டிசைனைச் சான்றளிக்கும் நிறுவனம் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். முத்திரையோடு சான்றளித்தவர் பெயரும் உரிம எண்ணும் வர வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று ஊரில் பலருக்குத் தெரியும். பையர் வெறும் ‘ஆம்’ என்பதை நம்பித் தன் ஊரிலேயே லேபிளை அச்சடித்து அனுப்பிவிடுவார். பேக்கிங் நேரத்தில் அத்தனையும் பயன்படாமல் போகும். சரக்கு போன பிறகு ஒவ்வொரு ஷிப்மென்ட்டுக்கும் வாங்கித் தர வேண்டிய டிரான்ஸாக்ஷன் சர்ட்டிஃபிகேட் பற்றி இப்போது எழுத வேண்டாம். அவர் கேட்கவில்லை, ஆர்டர் உறுதியாகும்போது சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் பற்றிய வரிக்குப் பதிலாக ‘எங்கள் லீட் டைம் 75 நாள்’ என்று எழுதுவது வழக்கம். அந்த 75 நாள் எந்த நாளில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது? நமக்கு அது பிபி சேம்பிள் ஒப்புதலும் முன்பணமும் வந்த நாளில் தொடங்கி, தூத்துக்குடியில் கப்பலேறும்போது முடிகிறது. அவர் மனத்தில் ஆர்டர் அனுப்பிய நாளில் தொடங்கி, ஹாம்பர்க் கடையின் அலமாரியில் முடிகிறது. எண் ஒன்றாகவே இருந்தாலும் நடுவில் இரண்டு மாதத்துக்கு மேல் இடைவெளி விழுகிறது. சண்டையாக முடிகிற பல ஆர்டர்கள் இந்த இடைவெளியில்தான் சிக்குகின்றன.

பின்னாலிருந்து எண்ணிப் பார்க்கலாம். மார்ச் 1 கடையில் இருக்க வேண்டுமென்றால், சுங்கத்துக்கும் கடைகளுக்குப் பிரித்து அனுப்புவதற்கும் பத்து நாள் விட்டு, பிப்ரவரி 18-க்குள் ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்க வேண்டும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பிறகு பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. அதையும் மனத்தில் வைத்துக் கடல் பயணத்துக்கு 40 நாள் போட்டால், ஜனவரி 9-இல் கப்பல் புறப்பட வேண்டும். அதிலிருந்து 75 நாள் பின்னால் போனால் அக்டோபர் 26. ஆறு நாள் கையில் வைத்துக்கொண்டு அக்டோபர் 20 என்று சொல்லலாம். தீபாவளியை ஒட்டித் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும் நாட்கள் அந்த 75-க்குள் அடங்குமா என்று தையல் பிரிவிடம் கேட்டுவிட்டே இந்தத் தேதியை எழுத வேண்டும். லேப் டிப், ஃபிட் சேம்பிள், சைஸ் செட், பிபி சேம்பிள் எல்லாம் அக்டோபர் 20-க்கு முன்னால் முடிய வேண்டியவை. அதற்கு ஒரு மாதத்துக்குமேல் பிடிக்கும். ஆகஸ்டில் வந்த கடிதத்துக்கு இது நல்ல செய்தி, செப்டம்பர் பாதிக்குள் அவர் முடிவெடுத்தால் போதும்.

இந்தக் கணக்கு முழுவதும் நம் தாளில் இருக்கட்டும். கடிதத்துக்குப் போவது: முடியும். பிபி சேம்பிளை அக்டோபர் 20-க்குள் ஒப்புக்கொண்டு முன்பணமும் வந்தால், ஜனவரி 9-இல் தூத்துக்குடியில் கப்பலேற்றுவோம். கப்பல் உங்கள் ஏற்பாடு, பயணத்துக்கு 40 நாள் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அவர் கையிலும் நம் கையிலும் இப்போது ஒரே தேதி இருக்கிறது.

ஐந்தாவதுக்குப் பதில் ‘இல்லை’. முதல் ஆர்டரில், முகம் தெரியாதவருக்கு, சரக்கு சேர்ந்து 60 நாள் கழித்துப் பணம் என்பதை நடுத்தர நிறுவனம் தாங்காது. நூலுக்கும் கூலிக்கும் நாம் கொடுத்த பணம், கடல் பயணத்தையும் சேர்த்து ஐந்தாறு மாதம் வெளியே நிற்கும். கட்டுரை எழுதும் ஆசை இந்த இடத்தில்தான் கட்டுக்கடங்காமல் வருகிறது. மறுப்பைச் சொல்லக் கூச்சம். அதைச் சுற்றி நம் நிறுவனத்தின் வரலாறு, நீண்டகால உறவில் நமக்குள்ள நம்பிக்கை, வங்கி நடைமுறை என்று ஆறேழு வாக்கியம் சேர்கின்றன. படிப்பவர் அவற்றைக் கடந்து வரும்போது மறுத்தார்களா, ஏற்றார்களா என்றே தெளிவாகாது. சிலர் இன்னும் மோசமாக, அந்தக் கேள்வியைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடுகிறார்கள். மற்ற நான்குக்கும் நீளமாகப் பதில் எழுதியிருப்பதால் இது மறைந்துவிடும் என்ற நினைப்பு. கணக்குப் பார்ப்பவர் தன் வரியைத்தான் முதலில் தேடுவார், அது இல்லையென்றால் மௌனத்தைச் சம்மதமாகவோ ஏமாற்றாகவோ எடுத்துக்கொள்வார்.

மறுப்பை முதல் சொல்லாகச் சொல்லி, அதன் பக்கத்திலேயே நம்மால் முடிந்ததை வைத்தால் அது கசப்பதில்லை. முதல் ஆர்டருக்கு 60 நாள் முடியாது. 30 சதவீதம் முன்பணம், மீதி பி.எல். நகல் அனுப்பியதும். மூன்றாவது ஆர்டரிலிருந்து, ஈ.சி.ஜி.சி. காப்பீடு உங்கள் பெயருக்குக் கிடைத்தால், 30 நாள் தரலாம். அந்தக் கடைசி வாக்கியம் உண்மையாகச் செய்யக்கூடியதாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும். ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனமான ஈ.சி.ஜி.சி., வெளிநாட்டு வாங்குபவரை ஆராய்ந்து இவ்வளவு வரை என்று ஒரு வரம்பு வைக்கும். அது நம் கையில் இல்லை. அதனால்தான் ‘கிடைத்தால்’ என்ற சொல் அங்கே இருக்கிறது.

அனுப்பும் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் அதன் வடிவம் இது:

‘உங்கள் கடிதத்துக்கு நன்றி. கேட்ட வரிசையிலேயே பதில்கள்:

1. மினிமம்: ஒரு நிறத்துக்கு 600 பீஸ், சைஸ்களைக் கலக்கலாம். 300-ம் செய்வோம், விலை கீழே.

2. விலை: 300-க்கு 4.70 டாலர், 600-க்கு 4.20, 1,000-க்கு 3.95. ஒரு நிறத்துக்கு, தூத்துக்குடி எஃப்.ஓ.பி., பிரிண்ட் இல்லாமல். 15 நாள் செல்லும்.

3. காட்ஸ்: ஆம், சான்று இணைப்பில். முத்திரையை லேபிளில் போடலாம், அச்சுக்கு முன் டிசைனை எங்களுக்கு அனுப்பினால் ஒப்புதல் வாங்கித் தருகிறோம்.

4. மார்ச்: முடியும். அக்டோபர் 20-க்குள் பிபி சேம்பிள் ஒப்புதலும் முன்பணமும் வந்தால் ஜனவரி 9-இல் கப்பலேறும். கடல் பயணம் 40 நாள் என்று கணக்கிட்டிருக்கிறோம், கப்பல் ஏற்பாடு உங்களுடையது.

5. 60 நாள்: முதல் ஆர்டருக்கு முடியாது. 30 சதவீதம் முன்பணம், மீதி பி.எல். நகலுக்கு. மூன்றாவது ஆர்டரிலிருந்து, காப்பீடு கிடைத்தால், 30 நாள்.

நேவியில் ஒரு மீடியம் சேம்பிள் அனுப்பட்டுமா? முகவரி தந்தால் வெள்ளிக்கிழமை கூரியரில் போகும்.’

அவர் கேட்காத ஒன்றே ஒன்று கடைசி வரியில் இருக்கிறது. ‘ஆம்’ என்ற ஒரு சொல்லோடு முகவரியை மட்டும் சேர்த்து அவர் திருப்பி எழுதிவிடலாம். ஆறாவதாக, ஏழாவதாக நாமும் கேள்விகள் கேட்கத் தொடங்கினால், ஐந்து பதில் வாங்க வந்தவர் நமக்கு வேலை செய்ய வேண்டியதாகிவிடும்.

எழுதும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். அவருடைய பத்திக்குள்ளேயே புகுந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே சிவப்பு எழுத்தில் பதில் எழுதும் பழக்கம் நம் அலுவலகங்களில் அதிகம். நம் திரையில் அது தெளிவாகத்தான் இருக்கிறது. அவர் ஃபோனில் திறந்தாலோ, வேறொருவருக்குத் திருப்பி அனுப்பினாலோ நிறம் போய்விடுவதுண்டு. எது கேள்வி எது பதில் என்று பிரிக்க முடியாமல் ஒரே கூழாகிவிடும். எண் போட்டு, அவருடைய சொல் ஒன்றைத் தலைப்பாக வைத்துப் புதிதாக எழுதுவது எந்தத் திரையிலும் அப்படியே நிற்கும்.

ஐந்தில் ஒன்றுக்கு இன்று விடை தெரியாமல் இருக்கலாம். சாயப்பட்டறை இன்னும் ஆலிவ் நிறத்துக்கு விலை சொல்லவில்லை, வியாழன்தான் சொல்வார்கள். அந்த ஒன்றுக்காக மற்ற நான்கையும் வியாழன்வரை நிறுத்தி வைப்பது சரியில்லை, எண்ணையே விட்டுவிட்டு நான்கு பதிலோடு அனுப்புவது அதைவிடச் சரியில்லை. ‘ஆலிவ் விலை வியாழன் மாலைக்குள் அனுப்புகிறேன்’ என்று அந்த இரண்டாம் எண்ணுக்குக் கீழே எழுதினால் அதுவும் ஒரு பதில்தான், வியாழன் மாலை அது போனால். வியாழன் பட்டறைக்காரர் சொல்லாவிட்டாலும் அன்று மாலை ஒரு வரி போக வேண்டும்.

கடிதம் பலித்ததா என்பது அவருடைய அடுத்த கடிதத்தில் தெரிந்துவிடும். அவர் கார்ட்டன் அளவையோ கழுத்து லேபிளின் அகலத்தையோ கேட்டால் ஐந்தும் தீர்ந்துவிட்டன, வேலையைத் தொடங்கலாம். ‘காட்ஸ் பற்றிச் சொல்லவில்லையே’ என்று கேட்டால், நீங்கள் மூன்றாம் எண்ணில் எழுதியதை எடுத்துப் படித்துப் பாருங்கள். முதல் சொல் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ இருக்காது. கடிதம் முழுவதையும் மறுபடி எழுத உட்காராதீர்கள், அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி உடனே அனுப்புங்கள்.